லிடியன் க்யூ திகட்டினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

காரைக்குடியில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு அறையை ஸ்டூடியோவாக்கி வைத்திருக்கிறேன். குறும்படம், ஆவணப்படம், எப்போதாவது ஒரு முழுப்படத்தின் சில ரீல்கள் என்று ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசை வேலை வரும். செட்டிநாட்டுப் பக்கம் எடுக்கிற படங்களில் ஒரு காட்சி தவறாமல் இருக்கும். பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் கதவு திறக்கும், வளவு என்கிற நடு முற்றத்தில் வெயில் விழும், யாராவது ஒருவர் நின்று மேலே பார்ப்பார். "அண்ணே, இந்த இடத்துல ஒரு அதிசயம் வேணும்ணே" என்பார் இயக்குநர். அந்தக் காட்சிக்கான இசைத் துண்டுக்கு, அதாவது க்யூவுக்கு, நானும் லிடியன் ஸ்கேலைத்தான் எடுப்பேன். முதல் தடவை பெரும்பாலும் திகட்டும். திரும்பத் திரும்ப அதையே சரிசெய்ததில் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பது பழகிவிட்டது. அந்த வரிசைதான் இது.

லிடியன் என்றால் மேஜர் ஸ்கேலில் சுத்த மத்யமத்தை எடுத்துவிட்டுப் பிரதி மத்யமத்தை வைப்பது, அவ்வளவுதான். ஏழு ஸ்வரங்களும் 65-வது மேளமான மேசகல்யாணியின் ஸ்வரங்களே. கீபோர்டில் எஃப்-ஐச் சட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்தால் வந்துவிடும். கீழே வரும் உதாரணங்களில் சட்ஜம் சி. ஆகவே பிரதி மத்யமம் எஃப் ஷார்ப். நான் வெறுமனே மத்யமம் என்று சொன்னாலும் இதைத்தான் சொல்கிறேன்.

சோதிக்க உட்காரும் முன் ஒரு வேலை. க்யூவை நாலு ட்ராக் குழுவாகப் பிரித்துவிடுங்கள்: அடியில் நிற்கும் டிரோன், கார்டுகள், மெலடி, அப்புறம் அலங்காரம். நாலும் ஒரே குவியலாகக் கிடந்தால் எது திகட்டுகிறது என்று காது சொல்லாது.

## அறிகுறி 1: திகட்டுகிறது, விளம்பரம் மாதிரி இருக்கிறது

அதிகம் வரும் கோளாறு இதுதான். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் எடுத்த குறும்படம் ஒன்றை வைத்தே சொல்கிறேன். ஒன்பது வயதுப் பெண் தன் அப்பத்தாவோடு பூர்வீக வீட்டுக்கு முதல்முறை வருகிறாள். 48 வினாடி க்யூ. நான் முதலில் போட்டு அனுப்பியதைக் கேட்டுவிட்டு இயக்குநர் போன் செய்தார். "நல்லாருக்குண்ணே. ஆனா பாப்பாவுக்குப் பவுடர் போட்டுவிடுற விளம்பரம் மாதிரி இருக்கு." அவர் சொன்னது சரிதான்.

அலங்காரத்தை நிறுத்திப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது. ஹார்ப் சரிவு, காற்றுமணி, செலஸ்டா, மினுமினுக்கும் சின்த் எல்லாவற்றையும் மியூட் செய்துவிட்டு ஒருமுறை படத்தோடு ஓட்டுங்கள். இந்த ஒலிகளெல்லாம் ஏற்கெனவே ஆயிரம் விளம்பரத்தில் 'இதோ அதிசயம்' என்று சொல்லிச் சொல்லித் தேய்ந்தவை. லிடியனின் மத்யமமும் அதையே சொல்கிறது. ஒரே சேதியை இரண்டு பேர் சேர்ந்து கத்தினால் திகட்டாமல் என்ன செய்யும்? மியூட் செய்ததும் சரியாகிவிட்டால் வேலை முடிந்தது, திரும்பப் போடாதீர்கள். என்னுடைய க்யூவில் பாதி குறைந்தது, பாதி அப்படியே இருந்தது. அடுத்ததற்குப் போனேன்.

மத்யமம் எங்கே போய்ச் சேர்கிறது என்று எண்ணுங்கள். மெலடியை மட்டும் தனியாக ஓடவிட்டு, மத்யமம் எத்தனை தடவை வருகிறது, அதில் எத்தனை தடவை அடுத்த ஸ்வரமாகப் பஞ்சமத்துக்கு ஏறுகிறது என்று தாளில் கோடு போடுங்கள். நான் எண்ணியபோது ஆறு மத்யமம் இருந்தது, ஆறும் பஞ்சமத்தில் போய் உட்கார்ந்தது. போதாக்குறைக்கு நாலு மத்யமம் பலமான அடியில் விழுந்தது. பலமான அடியில் கொஞ்சம் உறுத்தலாக நின்று, உடனே அரை ஸ்வரம் ஏறிப் பஞ்சமத்தில் இளைப்பாறினால் அது ஒரு பெருமூச்சு. "அடடா, என்ன அழகு!" என்கிற பெருமூச்சு. ஒருமுறை விட்டால் கேட்கலாம். 48 வினாடிக்குள் ஆறுமுறை விட்டால் நடிப்பாகத்தான் தெரியும்.

மாற்று மூன்று இருக்கிறது. மத்யமத்தை எங்கும் அனுப்பாமல், அடியில் கார்டு மாறும்வரை அப்படியே நிறுத்தலாம். காந்தாரத்துக்கு இறக்கலாம். இல்லையென்றால் தைவதத்துக்கோ ரிஷபத்துக்கோ தாண்டலாம். என் கை முதலில் போவது இறக்குவதற்குத்தான். ஏறும்போது மத்யமம் பஞ்சமத்திடம் கெஞ்சுகிறது, இறங்கும்போது யாரிடமும் எதையும் கேட்பதில்லை. மூன்றில் ஒன்றுக்கு மேல் பஞ்சமத்துக்கு ஏறக்கூடாது என்பது என் கணக்கு. அந்தக் க்யூவில் பாக்கியிருந்த திகட்டலில் பெரும்பங்கு இங்கேயே போய்விட்டது.

நிஷாதத்தைக் கைவிட்டுப் பாருங்கள். லிடியன் என்றதும் நம் கை சட்ஜம், காந்தாரம், பஞ்சமம், நிஷாதம் நாலையும் சேர்த்துப் பேடாகப் பிடித்துவிடும். மெத்தையில் விழுந்த மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த மெத்தைதான் ஹோட்டல் லாபியின் இசையாகவும் ஆகிறது. கார்டுகளிலிருந்து நிஷாதத்தைத் தூக்கிவிட்டு, வேண்டுமென்றால் அந்த இடத்தில் ரிஷபத்தை வையுங்கள். இனிப்பு குறையும், வெளிச்சம் குறையாது.

நிஷாதத்தை எடுப்பதற்குப் பதில் கைசிகி நிஷாதமாகத் தாழ்த்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வாசஸ்பதியின் ஸ்வரங்கள் வரும். இனிப்பு நிச்சயம் போகும். ஆனால் வியப்பும் போய், அந்த இடத்தில் ஒரு குறும்பு வந்து உட்காரும். பூனை அலமாரியில் ஏறும் காட்சிக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வளவுக்கு வேண்டாம்.

மெலடிக்கு மேலோ கீழோ ஜோடி ஓடுகிறதா? மெலடியை ஒரு மூன்றாம் ஸ்வர இடைவெளியில் இன்னொரு வாத்தியம் பின்தொடர்ந்தால் அது ஜோடிப் பாட்டு. அந்த ஜோடியை நிறுத்துங்கள். ஜோடி கட்டாயம் வேண்டுமென்றால் அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே வாசிக்க வையுங்கள், போதும்.

வாத்தியமும் உயரமும். இது கொஞ்சம் செலவுள்ள திருத்தம், ஏனென்றால் திரும்ப ஒலிப்பதிவோ சாம்பிள் மாற்றமோ தேவைப்படும். வயலின் கூட்டம் உச்சியில், நல்ல நடுக்கத்தோடு மத்யமத்தைப் பிடித்தால் ஸ்வரம் எதுவாக இருந்தாலும் பாகு சொட்டும். ஒரு ஸ்தாயி இறக்கி, நடு சட்ஜத்தை ஒட்டிய மத்யமமாக்குங்கள். வயோலாவோ கிளாரினெட்டோ வாசிக்கட்டும். கிளாரினெட்டை வைப்ரட்டோ இல்லாமல் வாசிப்பது மேற்கத்திய பாணியில் சாதாரணம். அந்த நேரான ஒலியில் மத்யமம் ஜன்னல் கம்பி மாதிரி நிற்கும். நான் கடைசியில் போனது கிளாரினெட்டுக்குத்தான்.

## அறிகுறி 2: திகட்டவில்லை, ஆனால் வியப்பும் இல்லை, சும்மா மேஜர் மாதிரி இருக்கிறது

இங்கே பெரும்பாலும் வீடு மாறிப்போயிருக்கும். சோதனை சுலபம். க்யூவை எங்காவது நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு, யோசிக்காமல் வாயில் வருகிற ஆதார ஸ்வரத்தை முணுமுணுங்கள். சி வந்தால் சரி. ஜி வந்தால், அதாவது உங்கள் பஞ்சமமே சட்ஜமாகக் கேட்டால், நீங்கள் எழுதியது லிடியன் இல்லை, பஞ்சமத்தில் நிற்கும் சாதா மேஜர். காது குழம்பினால் தம்புரா செயலியை முதலில் சி-யில் வைத்து ஓட்டுங்கள், பிறகு ஜி-யில் வைத்து ஓட்டுங்கள். எதில் பாட்டு பொருந்தி உட்காருகிறதோ அதுதான் வீடு.

காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்.

மெலடியின் வாக்கியங்கள் எங்கே முடிகின்றன? பஞ்சமத்திலேயே முடித்துக்கொண்டிருந்தால் காது அங்கேயே குடியேறிவிடும். முடிவுகளைச் சட்ஜத்துக்கோ ரிஷபத்துக்கோ மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

கார்டு வரிசையில் ரிஷபத்தின் மேஜருக்கு அடுத்து பஞ்சமத்தின் மேஜர் வருகிறதா? சி, டி, ஜி என்று வாசித்தால் ஜி-யில் கதவு சாத்துகிற ஓசை கேட்கும். நிஷாதம் சட்ஜத்துக்கு எப்படி ஏங்குகிறதோ அப்படியே பிரதி மத்யமம் பஞ்சமத்துக்கு ஏங்கும். டி கார்டுக்குள் அந்த ஏக்கம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு நேரே ஜி-யைக் கொண்டுபோய் நிறுத்தினால் கதை முடிந்தது. டி-க்குப் பிறகு சி-க்கே திரும்புங்கள், அல்லது ஏ மைனருக்குப் போங்கள். க்யூ முழுவதிலும் ஜி மேஜரைத் தொடாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் முடியும்.

இவ்வளவுக்கும் வீடு தங்கவில்லை என்றால் அடியில் சட்ஜத்தை அசையாமல் நிறுத்துங்கள். மேலே கார்டு எது மாறினாலும் செல்லோ சி-யை விடக்கூடாது. சினிமாவில் லிடியனுக்கு நம்பகமான ஆணி இதுதான். சட்ஜத்தின் மேல் டி மேஜர் மிதக்கிற அந்தச் சேர்க்கையில்தான் வியப்பு இருக்கிறது, தனி டி மேஜரில் ஒன்றும் இல்லை. நமக்கு இது புதிதும் இல்லை, தம்புரா முன்னால் உட்கார்ந்து பழகிய காது.

வீடு சரியாக இருந்தும் வியப்பு வரவில்லையா? அப்படியானால் மத்யமம் சந்தடியில் காணாமல் போயிருக்கிறது. வேகமான ஸ்வரக் கூட்டத்தின் நடுவில் கால் அடி வந்து போனால் யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு மத்யமத்தையாவது நாலு அடி நிறுத்துங்கள்.

## அறிகுறி 3: கல்யாண வீடு கேட்கிறது

இது நம்மூர்க் கோளாறு. மேலைநாட்டுக் காதுக்கு லிடியன் ஆகாயம். நம் காதுக்கு அதே ஏழு ஸ்வரம் கல்யாணி. ஒருமுறை ஸ்பீக்கரில் ஒரு க்யூவை ஓட்டிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த அப்பத்தா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "யாரு வீட்டு விசேசம்டா? மேளம் வந்துருச்சா?" படத்தில் ஒரு பையன் தொலைநோக்கியில் சனிக்கோளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராகம் என்பது ஸ்வரப் பட்டியல் இல்லை, அந்த ஸ்வரங்கள் நடக்கிற நடை. நடையை மாற்றினால் ராகம் விலகும். முதலில் கமகத்தைப் பாருங்கள். புல்லாங்குழல்காரரோ வீணைக்காரரோ பழக்கத்தில் மத்யமத்தையும் நிஷாதத்தையும் அசைத்திருப்பார். அசைவு இல்லாமல் நேராக ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சாம்பிள் என்றால் பிட்ச் வளைவை அழித்துவிடுங்கள்.

அப்புறம் சொற்றொடர். சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தவிர்த்து நிஷாதம், ரிஷபம், காந்தாரம், மத்யமம், தைவதம் என்று ஏறியிருக்கிறீர்களா? அது கல்யாணியின் முகவரி. அதற்குப் பதிலாகப் பெரிய தாவல்கள் போடுங்கள்: சட்ஜத்திலிருந்து நேரே பஞ்சமம், அங்கிருந்து மேல் ரிஷபம். படி ஏறாமல் தாவுகிற மெலடியில் கல்யாணி கால் ஊன்ற இடம் கிடைக்காது. ஸ்வரங்களை நீளமாக நிறுத்தினாலும் இதே பலன்.

கடைசியாக வாத்தியம். நாகஸ்வரம், வீணை, ஷெனாய் சாம்பிள் எதுவாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள். படம் செட்டிநாட்டில் நடக்கிறது, அதனால் ஒரு மண்வாசனைக்கு நாகஸ்வரம் என்று யோசிப்பீர்கள். அந்த ஒலி இங்கே நூறு கல்யாணத்தின் முகப்பில் வாசித்துவிட்டு வந்திருக்கிறது. பிரதி மத்யமத்தோடு அதைக் கேட்டால் மணமக்களைத் தேடத்தான் தோன்றும். காட்சியில் உண்மையிலேயே கல்யாணம் இருந்தால் அது வேறு விஷயம், அங்கே கல்யாணியைக் கல்யாணியாகவே வாசித்துவிடலாம், லிடியன் என்று நடிக்கத் தேவையில்லை.

## அறிகுறி 4: வியப்புக்குப் பதில் பயம் வருகிறது

சட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நடுவில் மூன்று முழு ஸ்வர இடைவெளி. அந்த இரண்டும் தனியாக, அதுவும் கீழ் ஸ்தாயியில் நெருங்கி நின்றால் பாழடைந்த பங்களா தயார். செட்டிநாட்டு வீட்டுக் காட்சி என்றால் ஆபத்து கூடுதல், ஏனென்றால் இருட்டு அறையும் தூசியும் ஏற்கெனவே திரையில் இருக்கிறது, பார்க்கிறவர் பேய்க்குத் தயாராகவே உட்கார்ந்திருப்பார்.

டிரோனில் பஞ்சமத்தைச் சேர்த்தாலே பாதி பயம் போகும். மத்யமத்தைச் சட்ஜத்திலிருந்து குறைந்தது ஒன்றரை ஸ்தாயி மேலே தூக்கினால் மீதியும் போகும். அப்படியும் இருண்டிருந்தால் மத்யமத்துக்குப் பக்கத்தில் ரிஷபத்தையும் தைவதத்தையும் சேர்த்து, டி மேஜராகவே கேட்கவிடுங்கள். நான்காவதாக ஒன்று தேவைப்பட்டதில்லை.

## அறிகுறி 5: தனியாகக் கேட்டால் அருமை, படத்தோடு போட்டால் மறுபடி திகட்டுகிறது

ஸ்வரத்தைத் தொடாதீர்கள், நேரத்தைத் தொடுங்கள். இசை பாத்திரத்தை முந்திக்கொண்டு வியந்திருக்கும். அவள் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை, இசை அதற்குள் ஆகாயத்தைப் பார்த்துவிட்டது. அப்படியானால் அவளுக்கு மிச்சம் வைத்தது என்ன?

பவுடர் விளம்பரக் க்யூவை இங்கே முடித்துவிடலாம். நிமிடத்துக்கு 60 அடி, நாலடி ஒரு பார், ஆக ஒரு பாருக்கு 4 வினாடி, மொத்தம் 12 பார். கதவு திறப்பது 16-வது வினாடி. அவள் முகப்பைக் கடந்து வளவில் இறங்கி மேலே பார்ப்பது 28-வது வினாடி. அப்பத்தாவின் முகத்துக்கு ஷாட் மாறுவது 44-வது வினாடி. முதல் வடிவத்தில் நான் கதவு திறக்கும்போதே மத்யமத்தை அடித்திருந்தேன். கடைசியாகப் போனது இப்படி. இடமிருந்து பார், கார்டு, தொடங்கும் நேரம்; 8.3 என்றால் எட்டாவது பாரின் மூன்றாம் அடி:

```
1 - 4      C5      0:00
5 - 8.2    Csus2   0:16
8.3 - 9    D/C     0:30
10 - 11    Am/C    0:36
12         Csus2   0:44
```

அடியில் செல்லோவின் சட்ஜமும் பஞ்சமமும் முதல் வினாடியிலிருந்து கடைசிவரை நிற்கின்றன. முதல் 16 வினாடிக்கு வேறு ஒன்றும் இல்லை. காந்தாரமே இல்லாததால் இது மேஜரா மைனரா என்றுகூடச் சொல்ல முடியாது. கதவு திறந்ததும் கிளாரினெட் பஞ்சமத்தைப் பிடிக்கிறது, வயோலா ரிஷபத்தைப் பிடிக்கிறது. வெளிச்சம் கொஞ்சம் கூடுகிறது, இன்னும் எதையும் சொல்லிவிடவில்லை.

28-வது வினாடியில் அவள் மேலே பார்க்கிறாள். அங்கே எதுவும் மாறவில்லை. இரண்டு அடி கழித்து, 30-வது வினாடியில்தான் கிளாரினெட் பஞ்சமத்திலிருந்து மத்யமத்துக்கு இறங்குகிறது, வயோலாவில் தைவதம் சேர்கிறது. முதலில் அவள் பார்க்கிறாள், பிறகு இசை பார்க்கிறது. அந்த இரண்டு வினாடியை ஒரு வினாடியாகக் குறைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. மூன்றாக்கிப் பார்த்தேன், பின்தங்கியது. இது ஒவ்வொரு ஷாட்டுக்கும் வேறாக இருக்கும், படத்தை ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் சரியாக அவள் கண் உயர்கிற ஃப்ரேமில் விழுந்தால் நிச்சயம் திகட்டும். விரலால் சுட்டிக்காட்டுகிற மாதிரி ஆகிவிடும்.

மத்யமம் ஆறு வினாடி நிற்கிறது. 36-வது வினாடியில் காந்தாரத்துக்கு இறங்குகிறது, அதே நேரம் வயோலாவின் ரிஷபம் சட்ஜத்துக்கு வருகிறது. க்யூவில் முதல்முறையாகக் காந்தாரம் கேட்பது இங்கேதான். அதுவரை தராமல் வைத்திருந்ததால் அந்த ஒரு காந்தாரம் தருகிற இதம் போதும், வேறு சர்க்கரை தேவைப்படவில்லை. அப்பத்தாவின் முகம் வரும்போது கிளாரினெட் ரிஷபத்தில் நிற்கிறது, வயோலா ஓய்ந்துவிடுகிறது. ஆக 32 வினாடிக்குக் கிளாரினெட் வாசித்தது பஞ்சமம், மத்யமம், காந்தாரம், ரிஷபம் என்ற நாலே ஸ்வரம். சட்ஜத்தில் முடிக்கவில்லை. முடித்தும் பார்த்தேன், கதை அங்கேயே முடிந்துவிட்ட மாதிரி இருந்தது, படத்தில் இன்னும் பதினோரு நிமிடம் பாக்கி.

மத்யமத்தை மட்டுமல்ல, ரிவர்பையும் பாருங்கள். நான் முதலில் பெரிய ஹால் ரிவர்ப் போட்டிருந்தேன். அந்த வீட்டில் ஏற்கெனவே முட்டை வெள்ளைக் கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடி மாதிரி வழுவழுப்பான சுவர், ஆத்தங்குடிக் கல் தரை. கொலுசுச் சத்தமே அங்கே எதிரொலித்து அலைகிறது, படப்பிடிப்பில் பதிவான லைவ் ஒலியிலும் அது இருக்கிறது. அதன்மேல் இசைக்கும் நாலு வினாடி ரிவர்ப் சேர்த்தால் எல்லாம் பனிமூட்டம். ஒன்றரை வினாடிக்குக் குறைத்தேன். கொலுசு வீட்டுக்குள் கேட்டது, கிளாரினெட் பக்கத்தில் கேட்டது.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

அலங்காரம் போய், மத்யமம் இறங்கி, டிரோன், ஒரு கார்டு அடுக்கு, ஒரு மெலடி என்று மூன்றே அடுக்கு மிஞ்சிய பிறகும் திகட்டினால் கோளாறு எழுத்தில் இல்லை, சாம்பிளில் இருக்கிறது. பல தந்தி சாம்பிள்களில் வைப்ரட்டோ ஒலிப்பதிவிலேயே ஊறிப் போயிருக்கும், எந்தக் குமிழைத் திருகினாலும் போகாது. அங்கே இரண்டு நாள் உட்கார்ந்து போராடுவதைவிட ஒரே ஒரு வாத்தியக்காரரை ஒரு மணி நேரத்துக்குக் கூப்பிடுவது மலிவு. மெலடி வாசிக்கிறவரை மட்டும் கூப்பிடுங்கள், டிரோன் சாம்பிளிலேயே இருக்கட்டும், யாருக்கும் தெரியாது. கர்நாடக இசைக்காரர் என்றால் நொட்டேஷனைக் கொடுக்கும்போதே "அசைவில்லாமல், ஒரே மூச்சில், ஒலி ஏறாமல்" என்று சொல்லிவிடுங்கள். ராகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். கல்யாணி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் விரல் தானாக அசையும், அது அவர் குற்றமில்லை.

இசை தனியாகவும் படத்தோடும் சரியாக இருந்து, வசனமோ கொலுசோ மட்டும் மூழ்குகிறது என்றால் மிக்ஸிங் இன்ஜினியரிடம் விடுங்கள். அதற்காகக் கார்டைக் கலைக்காதீர்கள், நான் ஒருமுறை கலைத்துவிட்டு நொந்துபோனேன்.

எல்லாம் செய்தும் இயக்குநர் "இன்னும் பெருசா வேணும்ணே" என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: எடிட்டிங்கின்போது தற்காலிகமாக எந்த இசையைப் போட்டு வைத்திருந்தீர்கள்? பல வாரம் ஒரு பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு அந்தக் காட்சியைப் பார்த்துப் பழகியிருப்பார். அப்போது க்யூவைத் திருத்துவதில் பலன் இல்லை. எடிட்டரையும் சேர்த்து உட்காரவைத்து, முதலில் இசையே இல்லாமல் அந்த 48 வினாடியை ஒருமுறை ஓட்டுங்கள். எங்கள் படத்தில் அப்படி ஓட்டியபோதுதான் கதவுத் தாழ்ப்பாள் விலகுகிற சத்தத்தை இயக்குநர் கவனித்தார். "இது நல்லாருக்கேண்ணே, இதுக்கு மேல எதுவும் வரவேணாம்" என்றார். செல்லோவை அந்த இடத்தில் மட்டும் 6 டெசிபல் இறக்கினேன், மற்றதெல்லாம் மேலே எழுதியபடியே போனது.